ஆறாவது பத்தியில் இருந்த அம்மா

எங்கள் இணைய இதழுக்கு வரும் தன்னனுபவக் கட்டுரைகளைப் படிப்பது இரண்டே பேர், நானும் ஒரு நண்பரும். பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் உட்காருவோம். ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கம் இருந்து வருபவற்றைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். திறந்து பார்த்தால் முதல் வரிகள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருக்கும். "வட சென்னை என்றாலே எல்லோருக்கும் ரவுடிகள்தான் நினைவுக்கு வருவார்கள்" என்று ஒன்று. "சினிமாவில் காட்டும் வட சென்னை வேறு, நான் வளர்ந்த வட சென்னை வேறு" என்று இன்னொன்று.

இந்த வரிகளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதுகிறவர் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த யாரோ நம் கட்டுரையைப் படிக்கப் போவதில்லை, படிக்க வந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்கவும் இல்லை. முதல் பத்தி இப்படி வாதத்தில் போய்விட்டால் உண்மையான தொடக்கம் எங்கோ உள்ளே ஒளிந்திருக்கும் என்பது எங்களுக்குப் பழகிவிட்டது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

எதைத் தேடுகிறோம் என்பதை ஒரே ஒரு கட்டுரையை வைத்துச் சொல்கிறேன். எழுதியவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். காசிமேட்டுப் பெண், இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அப்பா லாஞ்சில், அதாவது விசைப்படகில், மீன்பிடிக்கப் போகிற தொழிலாளி. அம்மா மீன்பிடித் துறைமுகத்தில், வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டித் தருகிறவர். கட்டுரையின் தலைப்பு 'மீன் வாசம்'. நீளம் 3,400 சொற்கள்.

முதல் முறை படிக்கும்போது நான் எதையும் திருத்துவதில்லை. ஒரே ஒரு குறி மட்டும் போடுவேன்: எந்த இடத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேனோ அங்கே. சில கட்டுரைகளில் அந்தக் குறி விழாமலே போய்விடும். இதில் ஆறாவது பத்தியில் விழுந்தது.

அதற்கு முன்னால் இருந்த ஐந்து பத்திகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வட சென்னை பற்றிய பொதுப்பேச்சு. இரண்டாவதில் கடல், அலை, சூரியன். மூன்றாவதில் பள்ளிக்கூடம். பக்கத்து பெஞ்சுப் பெண் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள், ஆசிரியை கடைசி வரிசைக்குப் போகச் சொல்கிறார். நான்காவது, பேருந்தில் அம்மாவோடு போகும்போது யாரோ எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்வது. ஐந்தாவது, உழைக்கும் பெண்களின் உயர்வு. ஆறாவது பத்தியின் நடுவில், வேறு ஏதோ சொல்லப் போகிற வழியில், இப்படி ஒரு வரி: "வீட்டில் மட்டும் அம்மா மீன் வெட்ட மாட்டார், அப்பாதான் வெட்டுவார்." அடுத்த வரியில் கட்டுரை மறுபடியும் மீன் வாசத்துக்குப் போய்விட்டது.

ஆசிரியை கடைசி பெஞ்சுக்கு அனுப்பியது நடந்த விஷயம்தான், வலித்த விஷயமும்தான். ஆனால் அந்தக் காட்சியைப் படிக்கத் தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. அதே காட்சியை நாங்கள் பலமுறை படித்திருக்கிறோம், மீனுக்குப் பதில் தோலோ சாக்கடையோ வெங்காயமோ இருக்கும். எழுதியவருக்கு அந்த வலி எவ்வளவு சொந்தமோ, காட்சி அவ்வளவு பொதுவாகிவிட்டது. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு மீனை வெட்டுகிற கை தன் வீட்டில் கத்தியைத் தொடாது என்பதை எங்களால் ஊகித்திருக்க முடியாது. அந்த வீட்டுக்குள் இருந்த ஒருவர் மட்டுமே எழுதக்கூடிய வரி அது. அவரோ அதை அனுப்பும்போது கவனிக்கக்கூட இல்லை. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. தினமும் பார்த்துப் பழகியது எழுதுகிறவர் கண்ணில் படாது, வெளியிலிருந்து வந்து படிக்கிறவர் தடுக்கி விழுவார்.

இங்கே ஒரு சோதனையைச் சொல்லலாம், நாங்கள் எல்லாக் கட்டுரைக்கும் செய்து பார்ப்பது. 'நான்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'அவர்' என்று போட்டுப் படிப்போம். எதுவும் குறையவில்லை என்றால் அது தன்னனுபவக் கட்டுரை இல்லை. செய்திக்கட்டுரையாகவோ கருத்துப் பத்தியாகவோ இருக்கலாம், அதற்கு வேறு இதழ்கள் உண்டு. பள்ளிக்கூடக் காட்சியில் 'அவர்' போட்டால் ஒன்றும் ஆகவில்லை, செய்தித்தாளில் வரும் சம்பவம் மாதிரி நின்றது. ஆறாவது பத்தியில் போட்டுப் பார்த்தால் வரி உடைந்தது. 'அவருடைய அம்மா வீட்டில் மீன் வெட்ட மாட்டார்' என்பது வெறும் தகவல். 'என் அம்மா' என்றால், இத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்த உனக்கு ஏன் என்று தெரியுமா, தெரியாதா என்ற கேள்வி உடனே எழுகிறது.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. தன்னனுபவக் கட்டுரையில் இரண்டு 'நான்' இருக்க வேண்டும். அன்றைக்குப் பட்ட சிறுமி ஒருத்தி. இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறவள் இன்னொருத்தி. முதலாமவளுக்குத் தெரியாதது ஒன்று இரண்டாமவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தெரிந்ததாக நினைத்த ஒன்று இப்போது ஆட்டம் கண்டிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே அளவு தெரியும் என்றால் நடந்தது நடந்தபடி கிடக்கும். 'மீன் வாசம்' முதல் வரைவில் ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கும் இருபத்தைந்து வயதுக் கணக்காளருக்கும் ஒரே கோபம், ஒரே வார்த்தை. அம்மா பாவம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

நாங்கள் அவருக்கு எழுதிய பதில் சின்னது. கட்டுரையை எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லவில்லை, மறுக்கிறோம் என்றும் சொல்லவில்லை. அம்மா ஏன் வீட்டில் வெட்டுவதில்லை என்று கேட்டோம். அதை அம்மாவிடம் எப்போதாவது கேட்டதுண்டா என்றும் கேட்டோம். மூன்றாவதாக, அப்பா அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருந்ததாக வருகிறதே, அது எந்த வருஷம் என்று.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. "அக்கா, நாள் பூரா வெட்டி வெட்டிக் கை ஓஞ்சு போறதாலதான்னு நெனச்சிட்டு இருந்தேன். கேட்டதே இல்ல. நேத்து கேட்டேன். அம்மா சிரிக்குது. 'துட்டு குடுக்காம வெட்றதுக்கு நான் இன்னாத்துக்குடி? உங்கப்பனுக்குக் கை இல்ல?' அப்படின்னுச்சு."

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மாடியில் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். கட்டுரை முழுக்க மகள் அம்மாவுக்காக இரக்கப்பட்டுக்கொண்டிருக்க, அம்மா தன் கைத்தொழிலுக்கு விலை வைத்திருக்கிறார். வெட்டுவது அவருக்குத் தியாகம் இல்லை, வேலை. வேலைக்குக் கூலி உண்டு, கூலி இல்லாத இடத்தில் கத்தி எடுக்க மாட்டார். இது தெரிந்த பிறகு பள்ளிக்கூடக் காட்சிகூட வேறு மாதிரி தெரிகிறது. சிறுமி வெட்கப்பட்ட அதே வாசம் அம்மாவுக்கு வருமானத்தின் வாசம். மகள் இருபது வருஷம் தவறாகப் படித்த ஒருவரைப் பற்றிய கட்டுரை இது என்று அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்கும் அவருக்கும்.

ஆசிரியர்கள் பக்கத் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வட சென்னையில் இருந்து வரும் எழுத்தில் கண்ணீரையும் கஷ்டத்தையும் எதிர்பார்க்க நாங்களும் பழகியிருக்கிறோம், எங்களைப் போன்றவர்கள் எதை அச்சிடுகிறார்கள் என்று பார்த்து எழுதுகிறவர்களும் பழகியிருக்கிறார்கள். முதல் வரைவில் அம்மா இரண்டு இடத்தில் 'கஸ்மாலம்' என்று திட்டுவார். அம்மா அப்படிப் பேசுவாரா என்று கேட்டதற்கு, "இல்லக்கா, அம்மா அந்த வார்த்தையே சொல்லாது. வட சென்னைன்னு தெரியணுமேன்னு போட்டேன்" என்றார். இதைத் தவறு என்று அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டில் உண்மையாகப் பேசும் பேச்சு ஒரு ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும், படம் பார்த்து எழுதிய பேச்சு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கும். கட்டுரையில் வரும் நான்கு பேரும் ஒரே மாதிரி திட்டினால் சந்தேகம் வந்துவிடும்.

பேச்சைப் பற்றிச் சொல்லும்போது தமிழில் கிடைக்கும் ஒரு வசதியைச் சொல்லியாக வேண்டும். பத்து வயதில் கேட்ட உரையாடலை இருபத்தைந்து வயதில் மேற்கோள் குறிக்குள் எழுதுகிறார்கள், அதுவும் ஏழெட்டு வரி. யாருக்கு அவ்வளவு ஞாபகம் இருக்கும்? இது நினைவா, பிறகு யாரோ சொல்லிக் கேட்டதா, ஊகமா என்று ஒவ்வொரு உரையாடலுக்கும் கேட்போம். எழுதுகிறவர்கள் சங்கடப்படுவார்கள், பொய் சொன்னதாக நாங்கள் நினைக்கிறோமோ என்று. உண்மையில் வினைச்சொல்லை மாற்றினால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். 'அம்மா சொன்னாள்' என்றால் ஒரு நாள், ஒரு இடம், ஒரு வாக்கியம். அதற்கு எழுதியவர் பொறுப்பு. 'அம்மா சொல்வாள்' என்றால் அடிக்கடி சொல்வது, சொற்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று வாசகருக்கே புரியும். நேரில் பார்க்காததற்கு 'ஆம்' இருக்கிறது. வந்தாராம், கேட்டாராம், அழுதாளாம். இந்த இரண்டெழுத்து ஒட்டு, 'எனக்கு மற்றவர்கள் சொன்னது இது' என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

முதல் வரைவில், தான் பிறந்த அன்று துறைமுகத்தில் நடந்ததை ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார். அம்மா வலியோடு எழுந்தார், பக்கத்துக் கடைக்காரம்மா ஆட்டோ பிடித்தார், இப்படி. எல்லாம் 'எழுந்தார்', 'பிடித்தார்'. பிறக்காத குழந்தை எப்படிப் பார்த்தது? இரண்டாம் வரைவில் எல்லாம் 'ஆம்' ஆனது. எழுந்துச்சாம், ஆட்டோ பிடிச்சாங்களாம், வெட்ட வேண்டிய மிச்சம் இரண்டு கிலோவை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் ஏறிச்சாம். முன்பு நாடகம் மாதிரி இருந்தது, இப்போது குடும்பத்தில் வருஷா வருஷம் சொல்லிச் சிரிக்கும் கதை ஆனது. அந்த இரண்டு கிலோ பொய்யாகவே இருக்கலாம். ஆனால் கட்டுரை பொய் சொல்லவில்லை.

'எழுந்தார்' எப்படி 'எழுந்துச்சு' ஆனது என்றும் கேட்கலாம். காசிமேட்டுப் பிள்ளைகள் அம்மாவை 'வந்தார்' என்று சொல்வதில்லை, 'அம்மா வந்துச்சு', 'அம்மா சொல்லும்' என்பார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. என் நண்பர் விவரிப்பை எழுத்துத் தமிழிலும் பேச்சை மட்டும் பேச்சுத் தமிழிலும் வைக்கலாம் என்றார், பெரும்பாலான அச்சிதழ்களில் அதுதான் வழக்கம். நான் அம்மாவைப் பற்றிய வினைகளை மட்டும் வீட்டு வழக்கிலேயே விடலாம் என்றேன். எழுதியவரிடமே விட்டோம். அவர் என் பக்கம் வந்தார். வேறு கட்டுரையாக இருந்தால் நான் தோற்றிருக்கலாம். எந்த முறையாக இருந்தாலும் முதல் பத்தியிலிருந்து கடைசி வரை ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் திருத்தும்போது பார்க்க வேண்டியது.

இனி மூன்றாவது கேள்வி, வருஷம். இதைத்தான் எழுதுகிறவர்கள் அற்பமாக நினைக்கிறார்கள்.

வரைவில் இருந்தது இது: "தடைக்காலத்தின் 61 நாளும் அப்பா வீட்டில் இருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று என்னைக் கொண்டுபோய் விட்டார்." ஐந்தாம் வகுப்பு என்றால் 2010. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆனால் தமிழ்நாட்டில் அது 61 நாள் ஆனது 2017-ல். அதற்கு முன்பு 45 நாள்தான், ஏப்ரல் 15 முதல் மே 29 வரை. ஆகவே 2010 ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தடை முடிந்து லாஞ்சுகள் கடலுக்குப் போயிருக்க வேண்டும். இன்றைய தடைக்காலத்தை அவர் நினைவு அன்றைய சிறுமிக்குப் போட்டுவிட்டது.

இதைச் சொன்னதும் அவர், அப்படியானால் 45 என்று மாற்றிவிடுங்கள் அக்கா என்றார். அப்படி மாற்றினால் எண் சரியாகிவிடும், காட்சி தவறாகவே இருக்கும். தடை இல்லையென்றால் அப்பா ஏன் அன்று கரையில் இருந்தார்? ஒருவேளை வேறு வருஷமா? அவர் இந்த முறை அப்பாவிடம் கேட்டார். வருஷம் சரிதானாம். அந்த மே மாதக் கடைசியில், தடை முடிந்து முதல் முறை கடலுக்குப் போனபோதே வலை இழுக்கும் கயிற்றில் அப்பாவின் வலது கை மாட்டிக்கொண்டது. ஒரு மாதத்துக்கு மேல் கட்டோடு வீட்டில் இருந்தார். சிறுமியின் நினைவில் கட்டு மறைந்துவிட்டது, அப்பா வீட்டில் இருந்த சந்தோஷம் மட்டும் தங்கிவிட்டது.

ஆறாவது பத்தியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் மீன் வெட்டுவது அப்பா. அப்பாவுக்குக் கை கட்டு. அம்மாவோ துட்டு இல்லாமல் வெட்டாது. அப்படியானால் அந்த ஜூன் மாதம் அந்த வீட்டில் மீனை யார் வெட்டினார்கள்?

யாரும் வெட்டவில்லை. மாதம் முழுக்க நெத்திலி. நெத்திலிக்குக் கத்தி வேண்டாம், தலையை விரலால் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைக் கிள்ளி வைத்தது ஐந்தாம் வகுப்புச் சிறுமி. அம்மா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கிள்ளும் விதத்தில் குறை சொல்லிக்கொண்டிருக்கும். கையில் மீன் வாசம் வந்தது அந்த மாதம்தான், பெஞ்சுப் பெண் மூக்கைப் பொத்தியதும் அந்த மாதம்தான். அம்மாவின் தொழில் தன் மேல் ஒட்டிக்கொண்டது என்றே அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். அவருடைய கை வாசம்தான் அது.

இது ஒரு வருஷத்தைச் சரிபார்க்கப் போய்க் கிடைத்தது. எல்லாக் கட்டுரையிலும் இப்படிக் கிடைக்காது. பல சமயம் எண்ணைத் திருத்திவிட்டுப் போய்விடுவோம். ஆனால் நினைவு எங்கே தவறுகிறதோ அங்கே ஏதோ காரணம் இருக்கும், அதனால்தான் தேதி, பள்ளி திறந்த நாள், அப்போது என்ன விலை, எந்த மீன் என்றெல்லாம் தொணதொணக்கிறோம். அலுத்துக்கொள்ளாமல் பதில் தேடிப் போகிறவர்களின் இரண்டாம் வரைவு எப்போதும் முதல் வரைவை விட நீளம் குறைவாக இருப்பதையும் கவனித்திருக்கிறேன். தெரியாத இடத்தை நிரப்பப் போட்ட வாக்கியங்கள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் 2004 முதல் வாசகர்களின் காதல் அனுபவங்களை வெளியிடும் புகழ்பெற்ற பத்திக்கு 1,500 முதல் 1,700 சொற்கள் கேட்பார்கள். அந்தக் கணக்கைப் பார்த்துத் தமிழிலும் சிலர் அதே எண்ணைக் கேட்கிறார்கள். 'வீட்டிலிருந்து' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று. தமிழில் 1,500 சொல் என்றால் அதை விடக் கணிசமாகப் பெரிய கட்டுரை. நாங்கள் 1,200 முதல் 2,000 வரை என்கிறோம். ஒரு திருப்பத்துக்கு அது போதும், இரண்டாவது திருப்பத்தைத் திணிக்க இடம் இருக்காது. 3,400 சொல்லாக வந்தது 1,650 ஆனது. சூரியனும் அலையும் போயின, உழைக்கும் பெண்களின் உயர்வு போனது, பேருந்துக் காட்சி போனது. பள்ளிக்கூடம் நான்கு வரியாகச் சுருங்கி, நெத்திலிக்குப் பிறகு வந்தது.

வெளியே போன இன்னொன்று அத்தை. அப்பாவின் தங்கை. அவர் வாங்கிய கடன், நின்றுபோன கல்யாணம் எல்லாம் ஒன்றரைப் பக்கம், பெயரோடு. நன்றாகவும் எழுதியிருந்தார். அதை எடுத்ததற்கு முதல் காரணம், கட்டுரைக்கு அது தேவைப்படவில்லை. இரண்டாவது காரணம் சட்டம் சார்ந்தது, அது சென்னையிலேயே முளைத்த வழக்கு ஒன்றிலிருந்து வருகிறது. ஆட்டோ சங்கர் சிறையில் இருந்து எழுதிய தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முயன்றபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். ஆசிரியர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, வெளியாகும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. பத்திரிகைக்காரர்கள் அந்தப் பாதியைத்தான் அடிக்கடி சொல்வார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு பாதி உண்டு: ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைகள், கல்வி போன்ற அந்தரங்கத்தை அவருடைய ஒப்புதல் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது, எழுதியது உண்மையாகவே இருந்தாலும். நீதிமன்ற ஆவணம் மாதிரிப் பொதுப் பதிவுகளில் இருப்பது அதற்கு விலக்கு, ஆனால் பாலியல் குற்றம் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயருக்கு அந்த விலக்கும் இல்லை.

தன் கதையை எழுத ஒருவருக்கு உரிமை உண்டு. தன் கதைக்குள் நடமாடும் அத்தையின் கதை அத்தையுடையது. அத்தை காசிமேட்டிலேயே நாலு தெரு தள்ளி இருக்கிறார். பெயரை மாற்றினால் போதாதா என்று கேட்டார். இதழ் வாசகருக்கு வேண்டுமானால் தெரியாது, தெருவுக்குத் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் பார்ப்பது, அந்த ஆளை அறிந்தவர்கள் படித்தால் அடையாளம் தெரியுமா என்றுதான். அவதூறு வழக்கிலும் கேள்வி ஏறக்குறைய அதே. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500. ஆசிரியையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எடுத்ததும் இதனால்தான். கடைசி பெஞ்ச் மட்டும் இருந்தது.

அனுப்புகிறவர்கள் கேட்கும் மற்ற விஷயங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். முகநூலில் முன்பே போட்டதை எடுத்துக்கொள்வதில்லை, பெரும்பாலான இதழ்களும் அப்படித்தான். இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் அந்தப் பெயரை மறக்க மாட்டார்கள். யூனிகோட் எழுத்துருவில் இருக்க வேண்டும், பழைய எழுத்துருவில் தட்டியது எங்கள் பக்கம் புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும். 'இதழுக்குப் பொருந்தவில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தால் அதற்குள் ரகசியம் தேட வேண்டாம், பெரும்பாலும் குறி போடும் இடம் வரவில்லை என்றுதான் பொருள். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வந்தால் அது பாதி ஒப்புதல். எழுதித் தரும்போது உரிமை பற்றி ஏதாவது கையெழுத்துக் கேட்டால் காலம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலம் எழுதாமல் உரிமையை மாற்றிக் கொடுத்தால், 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி அது ஐந்து வருஷம் என்று கணக்கு. எங்கள் இதழ் வெளியிடும் அனுமதியை மட்டும் வாங்குகிறது, உரிமை எழுதியவரிடமே. சன்மானம் சொற்பம், அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

இரண்டாம் வரைவு எப்படித் தொடங்கியது என்று சொல்லவில்லையே. "எங்க அம்மா துட்டு வாங்காம மீன் வெட்டாது" என்பதுதான் முதல் வரி. தலைப்பும் மாறியது, 'நெத்திலி மாதம்'. வட சென்னை என்ற சொல் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. துறைமுகம், ஏலம் முடிந்து கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமைக் காலை, வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், செதில் சீவும் சத்தம், வஞ்சிரத்துக்கு ஒரு கூலி, சங்கராவுக்கு ஒரு கூலி என்று எல்லாம் இருந்தன. எந்த ஊர் என்று தெரியாமல் போக வழியே இல்லை.

வெளியிடுவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னோம். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது, கட்டுரையில் இருப்பதோ முழுக்க அவர்தான். மகள் படிக்கப் படிக்க, அம்மா அரிவாள்மனையைக் கழுவிக்கொண்டே கேட்டிருக்கிறார். அப்பாவின் கைக்கட்டு வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லையாம். தன்னைப் பற்றிய முதல் வரிக்கு 'ஆமா' என்றாராம். கூலி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

"கிலோவுக்கு இருபதா? அது எப்பத்திய ரேட்டுடி! இத்த அப்டியே போட்டீன்னா, நாளைக்கு வர்றவன் போன எடுத்துக் காட்டி என்னாண்ட பேரம் பேசுவான்."

மகள் ராத்திரி பத்து மணிக்கு எங்களுக்குச் செய்தி அனுப்பினார். அந்த வரியில் இருபது ரூபாய்க்கு முன்னால் '2010-ல்' என்று சேர்த்துவிட்டு, மறுநாள் காலை ஏற்றினோம்.